முதன்மை ஆதரவாளர்

அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். எங்கள் பகுதிக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விளையாட்டு நாள் குழுவுக்குச் செயலாளராக இருக்க யாரும் முன்வராததால், வந்த புது மனிதர் தலையில் அந்த வேலையைக் கட்டிவிட்டார்கள். வணிகர் சங்கத்தில் கொடுத்த பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர், என் கடைக்குள்ளும் நுழைந்துவிட்டார். பட்டியலில் எங்களுக்கு 'மரவேலை, வாடகைப் பந்தல்' என்று பெயர். உரிமம் எடுக்கும்போது என் வீட்டுக்காரர் அப்படித்தான் எழுதிக்கொடுத்தார். கடைக்கு வெளியே பலகை கிடையாது. தேவைப்படுகிறவர்களுக்கு வழி தெரியும், தேவைப்படாதவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்து போவார்கள்.

ஆசிரியர் உள்ளே வந்து, வாசனை பிடித்து, "நல்ல மரம் போலிருக்கே" என்று பாராட்டினார். பாதி இழைத்து வைத்திருந்ததைத் தட்டிப் பார்த்தார்.

"அலமாரியா அக்கா?"

"படுத்துக்கிற அலமாரி சார்" என்றேன்.

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. கையை மெதுவாக எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சுவரோரம் நிறுத்தியிருந்த மூடிகளை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இத்தனை வருடமாகப் பார்க்கிற முகம்தான் இது, ஆள்தான் வேறு.

"அதனால என்ன, உக்காருங்க. அந்த ஸ்டூல் வெறும் ஸ்டூல்தான்."

உட்கார்ந்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. கையிலிருந்த கடிதத்தைக் கொடுப்பதா, பைக்குள் திரும்ப வைப்பதா என்று அவர் தடுமாறுவதற்குள் நானே கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

கடிதம் நன்றாகத்தான் இருந்தது. நம் பகுதிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வருடா வருடம் நடக்கிற விளையாட்டு நாள், எத்தனை பேர் வருவார்கள், மைதானத்துக்கு அனுமதி வாங்கியாயிற்று, திரட்டுகிற உதவி எதற்கெல்லாம் செலவாகும் என்று ஆரம்பித்து, வளவளவென்று இல்லாமல் விஷயத்துக்கு வந்தது. பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம். பொருளுக்குக் கடை விலை அல்லது வாடகைக் கணக்கில் மதிப்புப் போட்டு ரசீது தருவார்கள். பிறகு, பதிலுக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்ற பகுதி. அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

'உதவும் ஒவ்வொரு கடையின் பெயரும் நீங்கள் எழுதித் தருகிறபடியே, ஒரே அளவு எழுத்தில், மைதான வாசல் பேனரில் இடம்பெறும். முதன்மை ஆதரவாளர்களின் பெயர் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் ஒலிபெருக்கியில் நன்றியுடன் அறிவிக்கப்படும். முதன்மை ஆதரவாளர் ஒவ்வொருவரும் ஒரு போட்டியின் வெற்றியாளர்களுக்குப் பதக்கம் அணிவித்துக் கௌரவிப்பார். எந்தப் போட்டி என்பது குலுக்கலில் முடிவாகும்.'

"முதன்மை ஆதரவாளர் ஆகணும்னா என்ன பண்ணணும் சார்?"

ஆசிரியர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். "அது வந்துக்கா... பந்தலோ நாற்காலியோ மொத்தமா யாராவது ஏத்துக்கிட்டா அந்த வகையில சேர்த்துடலாம்னு பேசிக்கிட்டோம்."

"ரெண்டையும் நான் ஏத்துக்கறேன். நிழல் முழுக்க என்னோடது. எல்லாரும் உக்கார நாற்காலியும் என்னோடது."

அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் பின்கட்டிலிருந்து இழைப்புளியோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் நல்ல மனிதர், கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கடைத்தெருவில் யாராவது தொழில் கேட்டால் 'மரவேலை' என்று சொல்லிவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். கல்யாண வீட்டுக்கு நாற்காலி போனால் இறக்கிவிட்டு நிற்காமல் வந்துவிடுவார். அங்கே யாரும் அவரைச் சாப்பிடச் சொன்னதில்லை. சொல்லுவார்களோ என்று அவரும் காத்திருந்ததில்லை.

"பதில் சீட்டுல பேரு என்னன்னு எழுதப்போறே?" என்று கேட்டார்.

"கடைப் பேருதான்."

"மரவேலைன்னு எழுதிடு. அதுவும் உண்மைதானே?"

"உண்மைதான். பாதி உண்மை."

"பாதி போதும்மா. பிள்ளைங்க ஓடுற இடம். எதுக்கு வம்பு?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "நாம என்ன திருடறோமா? ஏமாத்தறோமா? நடு ராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து போறோம். அழுதுக்கிட்டு வர்றவங்களை உக்காரவெச்சுத் தண்ணி கொடுத்து அனுப்பறோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தத் தொழிலோட பேரைச் சொல்லி நாலு பேருக்கு முன்னாடி எனக்கு நன்றின்னு சொல்லட்டுமே. கேட்டா என்ன தப்பு?" என்றேன். அவர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பதில் சீட்டில் 'பேனரில் இடம்பெற வேண்டிய பெயர்' என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'இறுதிப் பயணச் சேவை. சவப்பெட்டி, வண்டி, பந்தல், நாற்காலி.' கெடு தேதிக்கு முன்னாலேயே நானே கொண்டுபோய் ஆசிரியர் வீட்டில் கொடுத்து ரசீதும் வாங்கி வந்தேன். முதலில் கொடுத்தது நான்தான் என்று அவர் சொன்னார்.

விஷயம் குழுத் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தது. தலைவர் என்றால் மருந்துக்கடைக்காரர். எங்கள் பகுதியில் எது நடந்தாலும் முன்வரிசையில் நிற்கிற மனிதர். அறுபது தாண்டியும் விடிகாலையில் கையை வீசிக்கொண்டு நடப்பார். விளையாட்டு நாளில் மூத்தோர் வேகநடையில் வருடா வருடம் அவருக்குத்தான் முதல் பரிசு. அந்தப் பதக்கங்களைக் கடையில் இருமல் மருந்துக்கு மேலே வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்.

அவர் என் கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார். ஆசிரியர் பின்னால் நின்றார்.

"ஏம்மா, பெரிய மனசு பண்ணி பந்தல், நாற்காலி எல்லாம் தர்றியாம். ரொம்ப சந்தோஷம்."

"உள்ள வாங்க சார், உக்காந்து பேசலாம்."

"இல்லம்மா, அவசரமா போகணும். ஒரு சின்ன விஷயம். பேனர்ல உன் கடைப் பேருக்குப் பதிலா 'ஒரு நலம் விரும்பி'ன்னு போட்டுக்கலாமா? இன்னும் கௌரவமா இருக்கும்."

"யாருக்கு சார் கௌரவம்?"

"இல்லம்மா, குழந்தைங்க வர்ற இடம். வாசல்லயே அந்த வார்த்தை இருந்தா பெத்தவங்க மனசு சங்கடப்படும். நல்ல காரியத்துக்கு நாலு பேர் முகம் சுளிக்கக் கூடாதில்ல?"

"அப்போ என் நாற்காலியில உக்காந்தா சங்கடம் இல்லையா? அதுவும் அதே கடைதான். போன மாசம் உங்க பெரியம்மா வீட்டுல போட்டது அந்த நாற்காலிதான்."

அவர் முகம் சிவந்தது. எனக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது: "சார், மரவேலைன்னே போட்டுக்குங்க சார். அவ அப்படித்தான் சொல்லுவா."

திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை அப்படி நான் பார்த்ததில்லை. வெளியாள் முன்னால் புருஷனைப் பேசக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "நீங்க சும்மா இருங்க. உரிமத்துல ஒளிச்சீங்க, பலகை வைக்காம ஒளிச்சீங்க. இதையும் ஒளிச்சுட்டா நான் எதுக்குக் கொடுக்கணும்?"

மருந்துக்கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. "பாரும்மா, வீட்டுக்காரரே சம்மதிக்கிறாரு. பிடிவாதம் பண்ணாதே. இல்லேன்னா ரசீதை ரத்து பண்ணிடலாம். நாற்காலி வேற இடத்துல கிடைக்காதா என்ன?"

"தாராளமா பண்ணுங்க. வேற இடத்துல வாடகை கேப்பாங்க, அவ்வளவுதான். ஆனா சார், கடிதாசில உங்க குழு என்ன எழுதியிருக்கு? 'நீங்கள் எழுதித் தருகிறபடியே.' நான் எழுதித் தந்தாச்சு. வார்த்தையை எழுதினவங்கதான் அதைக் காப்பாத்தணும்."

அப்போதுதான் ஆசிரியர் வாயைத் திறந்தார். "சார், இந்தத் தெருவுல எல்லாக் கடைக்கும் அதே வாசகத்தோடதான் கடிதம் போயிருக்கு. கையெழுத்து என்னோடது. ஒரு கடைக்கு மட்டும் மாத்தினா, நாளைக்கு மத்த கடைக்காரங்க எப்படி என்னை நம்புவாங்க? அவங்க பேரை எடுக்கணும்னா என் பேரையும் எடுத்துடுங்க. செயலாளர் வேலைக்கு வேற ஆளைப் பாருங்க."

செயலாளர் வேலைக்கு வேறு ஆள் கிடையாது. அது மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தத் தெருவில் படுத்திருந்த நாய்க்கும் தெரியும். அவர் கிளம்பினார். நாலு அடி போய், "எல்லாரும் ஒருநாள் உன்கிட்டதானே வரணும்னு திமிரு" என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போயிற்று. விளையாட்டாகச் சொல்லுவார்கள், குத்திக் காட்டவும் சொல்லுவார்கள். நான் ஒருநாளும் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. வியாபாரத்தில் யாரும் வரவேண்டாம் என்று நினைக்கிற கடை இந்தத் தெருவில் என்னுடையது ஒன்றுதான். ஒரு சின்னப் பெட்டிக்கு அளவு சொல்லி ஒரு தகப்பன் வந்து நின்றால், அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் உள்ளே வந்ததில்லை.

அன்றைக்கு வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. நானாகப் பேசமாட்டேன் என்று அவருக்கும் தெரியும், அதனால் அவரும் பேசவில்லை.

சில நாள் கழித்து, முதன்மை ஆதரவாளர்களைக் குலுக்கலுக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து ஓர் அறை. முன்பு ஒரு வருடம் பேக்கரிக்காரரும் செருப்புக்கடைக்காரரும் நூறு மீட்டர் ஓட்டப் பரிசை யார் கொடுப்பது என்று அடித்துக்கொள்ளாத குறையாக நின்றார்களாம். அதற்குப் பிறகு மருந்துக்கடைக்காரரே பிடிவாதமாகக் கொண்டுவந்த ஏற்பாடுதான் குலுக்கல். தண்ணீர்க் குவளையில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். என் முறை வந்தது. எடுத்துப் பிரித்தேன். 'மூத்தோர் வேகநடை' என்று இருந்தது.

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், பேக்கரிக்காரர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஆசிரியர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

"இது சரிப்படாது. வேற சீட்டு எடுக்கட்டும்" என்றார்.

"ஏன் சார்?"

"ஏன்னா? வயசானவங்கம்மா! நீ போய் அவங்க கழுத்துல... நல்லாவா இருக்கும்?"

"குலுக்கல் உங்க ஏற்பாடு சார். நீங்களே மாத்தினா, பேக்கரி அண்ணன் அடுத்த வருஷம் அவருக்குப் பிடிச்சதைக் கேப்பாரு."

"ஆமா, கேப்பேன்" என்றார் பேக்கரிக்காரர், இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

செயலாளர் பதிவேட்டில் எழுதிவிட்டார். நான் வெளியே வரும்போது மனசு கனமாகத்தான் இருந்தது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும். ஆனால் அந்த நாளில் ஒரு பெரியவர் என் கையைப் பார்த்ததும் பின்வாங்கி, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? ஊர் பார்க்க அப்படி ஒன்று நடந்தால் அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்? வீட்டுக்காரரிடம் சொன்னால், நான்தான் அப்பவே சொன்னேனே என்பார். அதனால் சொல்லவில்லை. பயந்தேன், ஆனால் பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். போகத்தான் போகிறேன் என்று முடிவு பண்ணினேன்.

விளையாட்டு நாள் அன்று விடியும் முன்பே வண்டியில் நாற்காலிகளை ஏற்றினோம். வழக்கமாக என் வீட்டுக்காரர் இறக்கிவிட்டு உடனே திரும்பிவிடுவார் இல்லையா, அன்றைக்கு அவர் திரும்பவில்லை. பந்தல் கம்புகளை ஊன்றி, கயிறுகளை இழுத்துக் கட்டி, துணியைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு ஓரமாக நின்றார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மா, "நல்ல நிழலா இருக்கே, யாரு போட்டது?" என்று அவரைக் கேட்டாள்.

"நாங்கதாம்மா. சவப்பெட்டிக் கடை" என்றார் அவர்.

அந்த அம்மா ஒரு நிமிடம் முழித்தாள். பிறகு, "அப்படியா" என்று சொல்லிவிட்டு நாற்காலியை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் அப்படி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

வாசல் பேனரில் பெயர்களெல்லாம் ஒரே அளவில் இருந்தன. ஆனால் என் கடைப் பெயர் இருந்த இடத்தில் மட்டும் பெரிய பலூன் கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அலங்காரமாம். வேறு எந்தப் பெயருக்கும் அந்த அலங்காரம் இல்லை. நான் நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டு ஏறி, கொத்தை அவிழ்த்து, கீழே நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அதைக் கட்டியது யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர் முடிதிருத்தும் கடைக்காரர். நல்ல கணீர்க் குரல். முதல் போட்டிக்கு முன்னால் முதன்மை ஆதரவாளர்களின் பெயர்களைப் படித்தார். என் கடை வந்ததும் "இறுதிப்..." என்று ஆரம்பித்து இருமினார். 'பயண' என்று மட்டும் கேட்டது. பேருந்து நிறுவனம் என்று நினைத்திருப்பார்கள். நான் நேராக மேடைப் பக்கம் போனேன்.

"அண்ணே, தொண்டை சரியில்லையா? தண்ணி குடிங்க. குடிச்சுட்டு முழுசா படிங்க."

"தங்கச்சி, நான் என்ன பண்ணட்டும், தலைவர்தான்..."

"எல்லாக் கடையையும் முழுசா படிச்சீங்க. உங்க கடையையும் படிச்சீங்க. என்னோடதும் கடைதான்."

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார். "இறுதிப் பயணச் சேவை! சவப்பெட்டி, வண்டி, பந்தல், நாற்காலி! இன்று நமக்கு நிழலும் இருக்கையும் கொடுத்தவர்கள்! அவர்களுக்கு நம் மனமார்ந்த நன்றி!" பிறகு எங்கிருந்தோ கைதட்டல், கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் அவர் ராகம் போட்டே படித்தார்.

வேகநடைக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் என்னிடம் வந்தார். விளையாட்டுக் காலணி, தொப்பி, மார்பில் எண். இந்தத் தடவை பந்தலுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"இந்தா பாரும்மா, நீயும் பேக்கரிக்காரரும் மாத்திக்குங்க. சாக்கு ஓட்டப் பரிசு நீ கொடு, குழந்தைங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. உனக்கும் அழகா இருக்கும்."

"எனக்கு இதுவே அழகா இருக்கும் சார்."

"இதுல கலந்துக்கிறவங்களுக்குப் பிடிக்காதும்மா."

"அவங்களா சொன்னாங்க?"

அவர் போய்க் கோட்டில் நின்றார். பக்கத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் தாத்தா நின்றார். வருடா வருடம் இரண்டாவதாக வருகிறவர். விசில் ஊதினதும் எல்லாரும் கையை வீசி நடந்தார்கள். யாராவது கால் தரையிலிருந்து எழும்பி ஓடுகிறார்களா என்று ஆசிரியர் கூடவே குனிந்து பார்த்துக்கொண்டு போனார். மருந்துக்கடைக்காரர் வேண்டுமென்றே தோற்றுப்போய் என் கையிலிருந்து தப்பித்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். அது நடக்கவில்லை. கடைசிச் சுற்றில் தாத்தா அவரை நெருங்கினார். மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார், பல்லைக் கடித்தார், முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார். தோற்கிற மனசு அவருக்கு வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரும் என்னைப் போலத்தான்.

மேடையில் நான் தட்டோடு நின்றேன். மூன்றாவதாக வந்தவர் ஒரு தையல்காரப் பெரியவர். பதக்கத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு மேடை ஏறாமல் போய்விட்டார். கூட்டத்தில் சலசலப்பு. பயந்தது நடந்துவிட்டது, ஆனால் நான் விழுந்துவிடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். அடுத்து ஓட்டுநர் தாத்தா ஏறினார்.

"என்னம்மா, அளவெடுக்க வந்தியா?"

"இல்ல தாத்தா. உங்களுக்கு இன்னிக்கு இதான் அளவு" என்று பதக்கத்தைக் காட்டினேன்.

"அப்ப போடு" என்று மார்பை நிமிர்த்திக் கழுத்தை நீட்டினார். போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, கூட்டத்துக்குக் காட்டுகிற மாதிரி மேலே தூக்கினார். இந்தமுறை கைதட்டல் கொஞ்சம் இல்லை.

மருந்துக்கடைக்காரர் மேடையில் முதலிடத்துப் படியில் நின்றார். கழுத்தை நீட்டவில்லை, கையை நீட்டினார்.

"கையில கொடும்மா, போதும்."

"கழுத்துலதான் சார் போடணும். கடிதாசில 'அணிவித்து'ன்னு போட்டிருக்கு."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"அதுக்குத்தான் சார் நின்னுக்கிட்டிருக்கேன்."

மைதானம் முழுக்க எங்களைப் பார்த்தது. முடிதிருத்தும் கடைக்காரர் மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார். பந்தலுக்குக் கீழே என் வீட்டுக்காரர் தலைகுனியாமல் நின்றிருந்தார். நான் பதக்கத்தை நாடாவோடு விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மருந்துக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், தாத்தா கழுத்தில் தொங்கியதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். குனிந்தார்.

"சீக்கிரம் போடும்மா" என்றார், வாய்க்குள்ளேயே.

நாடாவை நேராக்கி, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, பதக்கம் நடு மார்பில் வரும்படி சரி பார்த்து, நிதானமாகவே போட்டேன்.